கான்ட்ராக்டர் தந்த சார்ட்டில் எந்தப் பட்டையைத் தள்ளலாம், எதைத் தள்ளக் கூடாது?

"சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயிலில் அன்னதான மண்டபம் கட்டுகிறோம். நான் குழுச் செயலாளர். கான்ட்ராக்டர் ஒவ்வொரு வேலையின் நாட்களையும் ஒரு பட்டையாகக் காட்டும் கேன்ட் சார்ட் போட்டுக் கொடுத்திருக்கிறார், படம் இணைத்துள்ளேன். 44 வேலை நாளில் முடியுமாம். 49ஆம் நாள், திங்கட்கிழமை, எங்களுக்குக் கொடியேற்றம். வேலை தொடங்கி மூன்று நாள்தான் ஆகிறது, அதற்குள் கூரைச் சட்டம் 4 நாள் தாமதம், தரை டைல்ஸ் 3 நாள் தாமதம் என்கிறார். 'சார்ட்டில் இடம் இருக்கு, கவலைப்படாதீங்க' என்கிறார். எந்தப் பட்டை நகர்ந்தால் முடியும் தேதி கெடும் என்று நானே பார்ப்பது எப்படி?"

வணக்கம். சட்டத்தின் 4 நாளை உங்கள் சார்ட் தாங்கும். டைல்ஸின் 3 நாளைத் தாங்காது. சார்ட்டில் போட்டிருக்கிறபடியே நடந்தால் முடிவு 2 நாள் தள்ளும். ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது இவை இரண்டையும்விட எனக்குக் கவலை தந்தது வேறொன்று. டைல்ஸ் பட்டையும் அதற்கு மேலே இருக்கிற வயரிங், சீலிங் பட்டைகளும் ஒரே நாட்களில் ஓடுகின்றன. அங்கேதான் உங்கள் கொடியேற்றத்துக்கு ஆபத்து இருக்கிறது. கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன். ஒருமுறை பார்த்துவிட்டால் அடுத்த சார்ட்டை நீங்களே படித்துவிடுவீர்கள்.

நான் பேராக்கில் செம்பனை ஆலைகளின் ஆண்டுப் பராமரிப்பு வேலைகளுக்கு 20 ஆண்டுகளுக்கு மேலாக அட்டவணை போடுகிறவன். ஆலையை நிறுத்தி, கொதிகலனைத் திறந்து, சரிபார்த்து, குறித்த நாளில் மறுபடி ஓட்ட வேண்டும். குலைகள் தோட்டத்தில் காத்திருக்காது. கட்டடம் கட்டுவது என் தொழில் இல்லை. அதனால் கான்கிரீட், டைல்ஸ் பற்றி நான் சொல்வதை உங்கள் இன்ஜினியரிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். பட்டைகளைப் படிக்கும் கணக்கு எந்த வேலைக்கும் ஒன்றேதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. தான் நகரலாமா கூடாதா என்பதை ஒரு பட்டை தன்னைப் பற்றிச் சொல்லவே சொல்லாது. அது எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பது மட்டும்தான் அதில் இருக்கும். இந்தச் சார்ட்டுக்குப் பெயர் கொடுத்த ஹென்றி கேன்ட் 1919இல் இறந்துவிட்டார். எந்த வேலை முடிவுத் தேதியைப் பிடித்து வைத்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் கணக்கு 1950களின் பிற்பகுதியில், டூபாண்ட் நிறுவனத்தின் ஆலை வேலைகளுக்காகத்தான் உருவானது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய நாற்பது ஆண்டு. இன்றைக்குக் கணினியில் இரண்டும் ஒன்றாகவே வருவதால், பட்டையைப் பார்த்தாலே அதன் தளர்வு, அதாவது முடிவுத் தேதி கெடாமல் அது எத்தனை நாள் தள்ளலாம் என்பது, தெரியும் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். நீளமான பட்டைதான் முக்கியமானது என்றும் நினைக்கிறார்கள். உங்கள் சார்ட்டில் நீளமான பட்டை கூரைச் சட்டம், 12 நாள். அதில் தளர்வு இருக்கிறது. 3 நாள் மட்டுமே உள்ள கடைசிப் பட்டையில் ஒரு நாள்கூடத் தளர்வு இல்லை.

தளர்வைத் தெரிந்துகொள்ள ஒவ்வொரு பட்டையிடமும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இது தொடங்க எது முடிந்திருக்க வேண்டும்? இது முடியட்டும் என்று எது காத்திருக்கிறது? உங்கள் படத்தில் பட்டைகளை இணைக்கும் அம்புக்குறிகள் இல்லை. அதனால் நான் வேலையின் இயல்பை வைத்து இணைத்துப் பார்த்தேன். கான்ட்ராக்டரை உட்கார வைத்து இந்த இணைப்புகளை நீங்கள் உறுதி செய்ய வேண்டும். அவர் ஒன்றை மாற்றிச் சொன்னால் கீழே உள்ள கணக்கும் மாறும்.

இடமிருந்து வலமாகப் போவோம். பழைய கொட்டகையைப் பிரிக்க 4 நாள். பிறகு அடித்தளம், தூண், தரைக் கான்கிரீட் 10 நாள். 14ஆம் நாள் முடிகிறது. கான்கிரீட் இறுக 7 நாள் விட்டிருக்கிறார், 21இல் முடிகிறது. இன்னொரு பக்கம், கொட்டகை பிரித்ததும் அளவெடுத்து வெல்டிங் கடையில் கூரைச் சட்டம் செய்கிறார்கள். 5ஆம் நாள் தொடங்கி 16இல் முடிகிறது. தூண் இறுகி, சட்டமும் தயாரானால்தான் சட்டத்தை ஏற்றிக் கூரை போட முடியும். அது 22 முதல் 27 வரை. கூரைக்குக் கீழே வயரிங் பைப் 5 நாள், 32இல் முடிகிறது. அதற்கடுத்து சீலிங் 4 நாள், 36இல் முடிகிறது. பெயின்ட் 37 முதல் 41. விளக்கு, ஃபேன் மாட்டிக் கழுவி விடுவது 42 முதல் 44. டைல்ஸ் தனியாக 28 முதல் 35 வரை, 8 நாள். இது முடிந்த பிறகுதான் பெயின்ட் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது அதே தாளை வலமிருந்து இடமாகப் படியுங்கள். தளர்வு தெரிவது இந்தப் பக்கமாகப் போகும்போதுதான். 44இல் எல்லாம் முடிய வேண்டும் என்றால், 42 காலை விளக்கு மாட்டத் தொடங்க வேண்டும். அப்படியானால் பெயின்ட் 41 மாலைக்குள் முடிந்தாக வேண்டும், 37 காலை தொடங்கியாக வேண்டும். பெயின்டுக்கு முன்னால் இருப்பவை இரண்டு, சீலிங்கும் டைல்ஸும். இரண்டுமே 36 மாலைக்குள் முடிந்தால் போதும். சீலிங் சரியாக 36இல்தான் முடிகிறது, தளர்வு பூஜ்யம். டைல்ஸ் 35இல் முடிகிறது. தளர்வு ஒரு நாள். இப்படியே பின்னோக்கிப் போனால் கூரை 27ஐத் தாண்டக் கூடாது, அதற்கு முன்னால் கான்கிரீட்டும் சட்டமும் 21ஐத் தாண்டக் கூடாது என்று வரும். கான்கிரீட் 21இல்தான் முடிகிறது, பூஜ்யம். சட்டம் 16இல் முடிகிறது, 5 நாள் தளர்வு.

ஆக, நகரக் கூடாத பட்டைகள் கொட்டகை, அடித்தளம், கான்கிரீட் இறுகுதல், கூரை, வயரிங், சீலிங், பெயின்ட், விளக்கு. இவற்றின் நாட்களைக் கூட்டுங்கள்: 4, 10, 7, 6, 5, 4, 5, 3. சரியாக 44 வரும். நீங்கள் பிடித்த வரிசை சரிதானா என்று சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை. கூட்டுத்தொகை மொத்த நாட்களைவிடக் குறைந்தால், வரிசையில் எங்கேயோ யாருக்காகவோ காத்திருக்கிறீர்கள், அந்தக் காரணத்தை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். இதைத்தான் எங்கள் தொழிலில் கிரிட்டிக்கல் பாத் என்கிறோம். இந்த எட்டில் எது ஒரு நாள் இழுத்தாலும் முடிவும் ஒரு நாள் இழுக்கும்.

சட்டம் 4 நாள் தாமதம் என்றால் 20இல் வரும், 21க்குள் அடங்கிவிடுகிறது. டைல்ஸ் 3 நாள் தாமதம் என்றால் 31இல் தொடங்கி 38இல் முடியும். பெயின்ட் 37க்குப் பதில் 39இல் தொடங்கும், வேலை 46இல் முடியும். கான்ட்ராக்டர் சொன்னதில் பாதி சரி, பாதி தவறு. அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. டைல்ஸ் பட்டையின் முனைக்கும் பெயின்ட் பட்டையின் தலைக்கும் நடுவில் வெள்ளையாகக் கொஞ்சம் இடம் இருக்கிறது. அதைப் பார்த்து இடம் இருக்கிறது என்று சொல்லியிருப்பார். அந்த வெள்ளை இடம் ஒரு கட்டம்தான், மூன்று கட்டம் இல்லை.

சமையல் கட்டு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான குழுக்கள் ஏமாறுவது இந்த மாதிரிப் பட்டைகளில்தான். சமையல் கட்டுச் சுவர் 9 நாள், 15 முதல் 23 வரை. அதற்கடுத்து குழாயும் கழிவுநீர்க் கால்வாயும் 6 நாள், 29இல் முடிகிறது. கடைசியாகக் கழுவி விடுவதற்கு முன், அதாவது 41க்குள், இது முடிய வேண்டும். 12 நாள் தளர்வு. இரண்டு பட்டையையும் தனித்தனியாகக் கணக்குப் போட்டால் இரண்டுக்கும் 12 என்றே வரும். உடனே ஒருவர், சுவருக்கு 12, குழாய்க்கு 12 என்று இரண்டையும் செலவழிக்கப் பார்ப்பார். அது இரண்டுக்கும் சேர்த்துத்தான் 12. ஒரு வீட்டில் இரண்டு பேர் ஒரே பணப்பையில் கை விடுகிற மாதிரி. கொத்தனார் 8 நாள் தாமதித்தால் குழாய்க்காரருக்கு 4தான் மிச்சம். சுவர் ஒரு நாள் நகர்ந்தாலே குழாய்க்காரர் வரும் தேதி மாறிவிடும், அவர் அந்த வாரம் வேறு தோட்டத்தில் வேலை ஒப்புக்கொண்டிருக்கலாம். கடைசித் தேதியைக் கெடுக்காத தளர்வு என்பது ஒன்று. அடுத்த ஆளைத் தொந்தரவு செய்யாத தளர்வு என்பது வேறொன்று. சுவருக்கு முதலாவது 12 நாள், இரண்டாவது பூஜ்யம்.

இப்போது நான் முதலில் சொன்ன கவலைக்கு வருகிறேன். இரண்டு பட்டைகள் மேலும் கீழுமாக ஒரே நாட்களில் ஓடினால் அது நல்லதா கெட்டதா என்று சார்ட் சொல்லாது. வெல்டிங் கடையில் சட்டம் செய்வதும் கோயிலில் அடித்தளம் தோண்டுவதும் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடுகின்றன. வேறு இடம், வேறு ஆட்கள். அப்படிச் சேர்ந்து ஓடுவது நல்லது, நாட்களைச் சேமிக்கிறது. ஆனால் உங்கள் டைல்ஸ் பட்டை 28 முதல் 35 வரை. அதே நாட்களில் அதே மண்டபத்தில் வயரிங்கும், பிறகு சீலிங்கும் நடக்கின்றன. சீலிங் போட சாரம் கட்ட வேண்டும். சாரத்தின் கால்கள் எங்கே நிற்கும்? டைல்ஸ் ஒட்டுகிற அதே தரையில். புதிதாக ஒட்டிய டைல்ஸில் குறைந்தது ஒரு நாளாவது காலே வைக்கக் கூடாது என்பார்கள், சாரத்துக் கால் எங்கே வைப்பது? சார்ட்டில் ஒவ்வொரு வேலைக்கும் தனி வரி இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் இருக்கிற மாதிரித் தெரிகிறது. உண்மையில் மூன்று பட்டைக்கும் ஒரே தரைதான்.

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். ஓர் ஆலையில், பல ஆண்டுகளுக்கு முன்பு, கொதிகலன் குழாய் மாற்றுவதையும் பிரஸ் இயந்திரத்தின் பழுதையும் ஒரே மூன்று நாளில் போட்டிருந்தேன். இரண்டுக்கும் நடுவே எந்த இணைப்பும் இல்லை, கணக்குப்படி எல்லாம் சரி. இரண்டு வரியிலும் 'வெல்டிங்' என்று இருந்தது. கொதிகலனில் கை வைக்கத் தகுதிச் சான்றிதழ் உள்ள வெல்டர் அன்று எங்களிடம் ஒருவர்தான். அவர் கொதிகலனுக்குள் குனிந்தபடி இருக்க, பிரஸ் பக்கத்து ஆட்கள் மூன்று நாள் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆலை இரண்டு நாள் தாமதமாக ஓடியது. அன்றிலிருந்து சார்ட்டை முடித்ததும் ஓர் அளவுகோலை நெட்டுக்குத்தாகத் தாளில் வைத்து, இடமிருந்து வலமாக ஒவ்வொரு நாளாக நகர்த்துகிறேன். அளவுகோல் தொடுகிற பட்டைகளைப் பார்த்து, இந்த நாளில் ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்கிறானா, ஒரே இடத்தில் இரண்டு கூட்டம் நிற்கிறதா என்று கேட்பேன். கணினி கொடுக்கும் தளர்வு எண்ணை இந்த அளவுகோல் சோதனைக்குப் பிறகுதான் நம்புவேன். நீங்களும் உங்கள் தாளில் 33ஆம் நாளில் அளவுகோலை வைத்துப் பாருங்கள்.

சீலிங் முடிந்து சாரம் பிரித்த பிறகுதான் டைல்ஸ் என்று வைத்தால் என்ன ஆகும்? டைல்ஸ் 37 முதல் 44, பெயின்ட் 45 முதல் 49, விளக்கு 52இல் முடியும். 8 நாள் தாமதம். கொடியேற்றத்தன்று உங்கள் மண்டபத்தில் பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள். தளத்தில் யாரும் இதை இன்று சொல்ல மாட்டார்கள். 28ஆம் நாள் டைல்ஸ்காரர் வந்து சாரத்தைப் பார்த்துவிட்டு, இது முடியட்டும் வருகிறேன் என்று மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போகும்போதுதான் தெரியும்.

இதற்கு வழி இருக்கிறது. மண்டபத்தைக் குறுக்கே இரண்டு பாதியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். சீலிங்கை முதல் பாதியில் 33, 34 ஆகிய இரண்டு நாளில் முடித்துச் சாரத்தை இரண்டாவது பாதிக்குக் கொண்டுபோனால், 35 காலை முதல் பாதியின் தரை டைல்ஸ்காரருக்குக் கிடைக்கும். அங்கே 4 நாள், 38 வரை. சீலிங் முழுவதும் 36இல் முடிந்துவிடுவதால், 39 முதல் 42 வரை இரண்டாவது பாதி டைல்ஸ். முதல் பாதிக்குப் பெயின்ட் அந்த இடைவெளியிலேயே அடிக்கலாம். இரண்டாவது பாதிக்கு 43இல் தொடங்கி 45 மதியத்துக்குள் பெயின்ட் முடியும். விளக்கு 46 முதல் 48. சனிக்கிழமை மாலை முடிகிறது. 8 நாள் தாமதம் 4 ஆகக் குறைந்தது. கொடியேற்றத்துக்கு முதல் நாள் ஞாயிறு மட்டும் மிச்சம், அதை மிச்சம் என்று சொல்லவே எனக்குத் தயக்கம்.

இன்னும் ஒரு நாள் உங்கள் சார்ட்டிலேயே ஒளிந்திருக்கிறது. கான்கிரீட் இறுகும் பட்டையைப் பாருங்கள். 7 நாள் என்று போட்டு, 15ஆம் நாளிலிருந்து 21 வரை இழுத்திருக்கிறார். ஆனால் உங்கள் சார்ட்டில் ஞாயிற்றுக்கிழமை எண்ணப்படுவதில்லை, வாரத்துக்கு 6 நாள்தான். வேலை திங்களில் தொடங்கியதால் 15ஆம் நாள் ஒரு புதன். புதனிலிருந்து 7 இரவு பகல் என்றால் அடுத்த செவ்வாயோடு முடிகிறது. அது 20ஆம் வேலை நாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்களுக்குத்தான் விடுமுறை. கான்கிரீட் அன்றைக்கும் இறுகிக்கொண்டுதான் இருக்கும். சார்ட் போடுகிற மென்பொருள்களில் இப்படிப்பட்ட காத்திருப்புகளுக்குத் தனி அளவு உண்டு. மைக்ரோசாப்ட் புராஜெக்ட்டில் `7d` என்று போட்டால் வேலை நாள், `7ed` என்று போட்டால் ஞாயிறும் சேர்ந்த நாள். கான்ட்ராக்டர் முதல் மாதிரி போட்டிருக்கிறார். இதைத் திருத்தினால் கூரை 21ஆம் நாளே தொடங்கலாம், பின்னால் வரும் எல்லாம் ஒரு நாள் முன்னால் வரும், முடிவு 47ஆம் நாள் வெள்ளிக்கிழமை. 7 நாளில் சாதாரண கான்கிரீட் 28 நாள் வலிமையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் எட்டும். அந்த நிலையில் தூண்கள் இரும்புச் சட்டத்தைத் தாங்குமா என்று சொல்ல வேண்டியவர் உங்கள் இன்ஜினியர். அவர் 7 போதாது, 10 வேண்டும் என்றால் அதுதான் முடிவு. தேதிக்காக அந்த நாட்களை மட்டும் பேரம் பேசாதீர்கள்.

இந்த ஒரு நாளைச் சேமித்ததும் இன்னொன்றும் மாறுகிறது. சட்டத்துக்கு 5 நாள் தளர்வு இருந்தது என்றேன், அது கான்கிரீட் 21இல் முடியும் என்ற கணக்கில். கான்கிரீட் 20இல் முடிந்தால் சட்டத்தின் தளர்வும் 4 ஆகிவிடும். கான்ட்ராக்டர் சொன்ன தாமதமும் 4. அதாவது நேற்று வரை தாராளமாக இருந்த அந்தப் பட்டை இன்று பூஜ்யத்தில் நிற்கிறது, கான்கிரீட்டும் சட்டமும் சேர்ந்து கூரையைப் பிடித்து வைத்திருக்கின்றன. வெல்டிங் கடைக்காரர் இன்னும் ஒரு நாள் கேட்டால் நீங்கள் சேமித்த நாள் போய்விடும்.

டைல்ஸ் பக்கம் இதற்கு நேர் எதிர். புதிய கணக்கில் டைல்ஸ்காரர் 34ஆம் நாள்தான் தரையைத் தொடுகிறார். பெட்டிகள் 31இல் வந்தாலும் 3 நாள் சும்மா கிடக்கும். ஆகையால் நீங்கள் பயந்த டைல்ஸ் தாமதம் இப்போது ஒன்றுமில்லை. ஆனால் டைல்ஸ் ஒட்டுகிற அந்த 8 நாள், அதில் ஒரு நாள்கூட இனி நீள முடியாது. வயரிங், சீலிங்கின் முதல் பாதி, டைல்ஸ், இரண்டாவது பாதியின் பெயின்ட், விளக்கு என்று புதிய வரிசை ஓடுகிறது. சீலிங்கின் இரண்டாவது பாதிக்கு மட்டும் 2 நாள் தளர்வு வந்துவிட்டது, ஏனென்றால் டைல்ஸ்காரர் முதல் பாதியை முடிக்கும் வரை அங்கே யாரும் காத்திருக்கவில்லை. நகரக் கூடாத பட்டைகளின் பட்டியலை ஒருமுறை எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்டிவிட்டு இருந்துவிட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் உண்மையில் முடிந்தது என்ன என்று குறித்து, மிச்சத்தை மறுபடி வலமிருந்து இடமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். 12 பட்டைக்கு அரை மணி நேரம் போதும்.

கான்ட்ராக்டரிடம் கணினிக் கோப்பு இருந்தால் கேட்டு வாங்குங்கள். மைக்ரோசாப்ட் புராஜெக்ட் என்றால் `Format` பகுதியில் `Critical Tasks`, `Slack` இரண்டையும் டிக் செய்தால் நகரக் கூடாதவை சிவப்பாகும், தளர்வு பட்டையின் வாலில் மெல்லிய கோடாக வரும். `Total Slack` என்ற பத்தியையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அதை நம்புவதற்கு முன் `Predecessors` பத்தியைப் பாருங்கள். அது பெரும்பாலும் காலியாக இருந்தால், அவர் இணைப்பே கொடுக்காமல் தேதிகளைக் கையால் அடித்திருக்கிறார். அங்கே வருகிற தளர்வு எண்ணுக்கு மதிப்பில்லை. ஒரு பட்டைக்குப் பின்னால் காத்திருப்பவர் யாருமில்லை என்று விடப்பட்டிருந்தால் அதுவும் தளர்வைக் கூட்டிக் காட்டும். உங்கள் சமையல் கட்டுக் குழாய் அப்படி விடப்பட்டிருந்தால் 12க்குப் பதில் 15 என்று காட்டும், ஏனென்றால் மென்பொருள் அதை 44ஆம் நாளோடு ஒப்பிடும். கடைசி நாள் மாலை ஒரு பக்கம் கழுவிக்கொண்டிருக்க, மறுபக்கம் கால்வாய் தோண்டினால் என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியாது.

இதில் எனக்கு உறுதியானது எது, சந்தேகமானது எது என்றும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். கூட்டல் கழித்தல் உறுதி. டைல்ஸும் சாரமும் ஒரே தரையைக் கேட்கின்றன என்பது உறுதி. கான்ட்ராக்டர் ஒவ்வொரு வேலைக்கும் போட்டிருக்கும் நாட்கள் சரியா என்பதை என்னால் சொல்ல முடியாது; அது அவருடைய ஆட்களைப் பொறுத்தது. மழை கணக்கில் சேரவே இல்லை. நம் பக்கத்தில் சாயங்கால மழை வராத வாரம் குறைவு, கூரை ஏறும் வரை அடித்தளத்தின் 10 நாளும் கூரையின் 6 நாளும் வானத்தை நம்பி இருக்கின்றன. இரண்டுமே தளர்வில்லாத பட்டைகள். உங்களிடம் மிச்சம் இருப்பது 48ஆம் நாள் ஒன்றுதான். அது போதாது என்பது என் கருத்து. பாதி மண்டபத்தில் வயரிங் முடிந்ததுமே அங்கே சீலிங்கைத் தொடங்க முடியுமா என்று கேளுங்கள், ஒன்றிரண்டு நாள் அங்கே கிடைக்கலாம். வேறு வழியில் நாள் வாங்க வேண்டுமென்றால் டைல்ஸுக்கு இன்னொரு ஆளைச் சேர்க்கக் கூலி பேசுங்கள், அந்தப் பட்டையில்தான் இப்போது பணத்துக்கு நாள் கிடைக்கும். சமையல் கட்டில் கூடுதல் ஆள் போட்டால் வெள்ளிதான் செலவாகும், முடிவு ஒரு மணி நேரம்கூட முன்னால் வராது.

கான்ட்ராக்டரிடம் பேசும்போது சார்ட் தவறு என்று தொடங்காதீர்கள். 33ஆம் நாள் சாரம் எங்கே நிற்கும், டைல்ஸ்காரர் எங்கே உட்காருவார் என்று தாளில் விரலை வைத்துக் கேளுங்கள். அனுபவமுள்ளவராக இருந்தால் அடுத்த நிமிடமே புரிந்துகொண்டு பாதிபாதியாகப் பிரிக்கிற வேலையை அவரே சொல்வார். பிறகு நீங்கள் இரண்டு காலைகளில் மட்டும் தவறாமல் தளத்துக்குப் போங்கள். 21ஆம் நாள், சட்டம் லோரியில் வந்து இறங்கியிருக்கிறதா என்று பார்க்க. 34ஆம் நாள், முதல் பாதியில் சாரம் முழுவதும் பிரிந்து தரை காலியாக இருக்கிறதா என்று பார்க்க. இரண்டில் எது இல்லை என்றாலும் அன்று மாலையே குழுவைக் கூட்டுங்கள், கொடியேற்ற வாரம் வரை காத்திருக்க வேண்டாம். அப்போது புதிய சார்ட்டின் படத்தை இங்கே போட்டால் மறுபடி பார்த்துச் சொல்கிறேன்.